ஆழ்கூளக் கோழிக்கொட்டகை: ஈரத்தைக் கட்டுப்படுத்தி அம்மோனியாவைத் தணிப்பது எப்படி

தரையில் உமி, மரச்சீவல் போன்ற கூளத்தை ஆழமாகப் பரப்பி அதன் மேல் கோழிகளை விடுவது ஆழ்கூள முறை. இந்த முறையில் கோழி வளர்ப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்குகின்றன. கண்ணை எரிக்கும் நாற்றம், வறட்டி போலப் பொருக்குத் தட்டிய தரை, அழுக்கு முட்டை, புண்பட்ட பாதம், குஞ்சுகளில் இரத்தக்கழிச்சல் என்று வெவ்வேறு பெயரில் வந்தாலும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி ஈரத்தின் கணக்கிலிருந்து தொடங்குகிறது. கூளத்தின் ஆழம், கிளறுவது, அம்மோனியாவைக் குறைப்பது மூன்றும் அந்தக் கணக்கைத் தொடர்ந்து வரும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் தரை, 500 முட்டைக்கோழி, அதாவது சதுர மீட்டருக்கு 5 கோழி. தரை சிமெண்ட், இரண்டு பக்கமும் கம்பிவலை, மழைக்கும் குளிருக்கும் ஏற்றி மூடிக்கொள்ளப் படுதா. சராசரி உயரம் 2.5 மீட்டர்.

ஒரு நாளில் தரைக்கு வந்து சேரும் தண்ணீர்

வளர்ந்த முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். 500 கோழிக்கு 60 கிலோ எச்சம் என்றால், அதில் 45 லிட்டர் தண்ணீர். ஒரு சொட்டுக்கூட ஒழுகாத, நோயே இல்லாத கொட்டகையிலும் தினமும் மூன்று குடம் தண்ணீரைத் தரையில் தெளிப்பதற்குச் சமம் இது.

அந்தத் தரையில் 15 செ.மீ. ஆழத்துக்கு நெல் உமி பரப்பியிருக்கிறோம் என்று வையுங்கள். 15 கன மீட்டர் உமி, ஏறக்குறைய 1,600 கிலோ எடை இருக்கும். நன்றாகக் காய்ந்த உமியிலும் 10 சதவீதம் ஈரம் உண்டு. ஆக, 1,440 கிலோ உலர்ந்த பொருள், 160 லிட்டர் தண்ணீர் என்று தொடங்குகிறோம். காற்றில் ஒரு துளியும் ஆவியாகவில்லை என்றால் ஏழாம் நாள் கூளத்தின் ஈரம் 23 சதவீதத்தைத் தாண்டும். பதினான்காம் நாள் 32 சதவீதம் ஆகிவிடும். 20 முதல் 30 சதவீதம் வரைதான் கூளம் கூளமாக இருக்கும். 35-ஐ நெருங்கினால் பொருக்குத் தட்டத் தொடங்கும். புத்தம்புதிய ஆறு அங்குலக் கூளம் நமக்குத் தரும் அவகாசம் இரண்டே வாரம் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது.

கூளம் ஈரத்தை ஒழிப்பதில்லை. பகலில் காற்று வந்து எடுத்துக்கொண்டு போகும் வரை தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கூளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

காற்று எவ்வளவு வேண்டும்

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். வெளிக்காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் அது ஏற்கெனவே 18 கிராமைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. 90 சதவீதமாக வெளியேறினால் 27 கிராம். ஒவ்வொரு கன மீட்டரும் 9 கிராமைத் தூக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் வெளிக்காற்று 80 சதவீத ஈரத்தோடு வந்தால் அதே காற்றால் 3 கிராமைத்தான் தூக்க முடியும். 45 லிட்டரை வெளியேற்ற முதல் நிலையில் 5,000 கன மீட்டர் போதும். இரண்டாவது நிலையில் 15,000 வேண்டும். கோழிகளின் மூச்சிலிருந்து வரும் ஈரமும் ஏறத்தாழ எச்சத்தின் அளவுக்கே இருக்கும் என்பதால் இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். 250 கன மீட்டர் கொள்ளளவுள்ள நமது கொட்டகையில், ஈரமான நாளில் மணிக்கு ஐந்து முறை காற்று முழுதாக மாற வேண்டும் என்று அர்த்தம்.

மழை பெய்கிறதே என்று படுதாவை முழுக்க இழுத்து மூடுவதுதான் பலர் செய்வது. காற்று அதிகம் தேவைப்படும் நாளில் காற்றை அடைக்கிறோம். படுதா கீழிருந்து மேலே ஏறும்படியும், மேல் விளிம்பில் எப்போதும் ஒரு முழமாவது திறந்திருக்கும்படியும் கட்டுங்கள். சூடான ஈரக்காற்று மேலே ஏறி அந்த இடைவெளியில் வெளியேறும். கீழே கோழிகள் மேல் நேரடியாகக் காற்று அடிக்காது. மேலிருந்து கீழே இறக்கும் படுதாவில் இது நேர் எதிராக நடக்கும். கூரையோரம் ஈரம் சிக்கி, இரவில் தகரத்தில் பனித்துளியாகத் திரண்டு, விடியும் முன் கூளத்தில் சொட்டும். கூரை வெளியே ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீண்டிருந்தால் சாரலுக்குப் பயந்து படுதாவைத் தூக்க வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

எந்தக் கூளம், எவ்வளவு ஆழம்

நல்ல கூளம் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்ச வேண்டும், அதே வேகத்தில் விடவும் வேண்டும். மரச்சீவல் இரண்டிலும் கெட்டி. நெல் உமி உறிஞ்சுவதில் சற்றுக் குறைவு, ஆனால் எளிதில் கட்டிபிடிக்காது, கிளறவும் லேசு. நிலக்கடலைத் தோல் நல்லதுதான். பூஞ்சணம் பிடித்த மூட்டையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், குஞ்சுகளின் நுரையீரலுக்கு அது நஞ்சு. தென்னை நார்க்கழிவு ஏராளமாக உறிஞ்சும், ஆனால் விடாது. அதைத் தனியாகப் போடாமல் உமியோடு கலந்து போடுவது மேல். வைக்கோல் என்றால் இரண்டு முதல் ஐந்து செ.மீ. நீளத்துக்கு நறுக்கியாக வேண்டும். முழு வைக்கோல் பாய் விரித்தது போல் படிந்து, மேலே பொருக்கும் அடியில் சேறுமாகிவிடும். நைசான மரத்தூளைக் குஞ்சுகள் தீவனம் என்று கொத்தித் தின்று இரைப்பை அடைத்துச் சாகும். மருந்து அடித்த மரத்தின் சீவலை எந்த வயதுக்கும் போடக்கூடாது.

கறிக்கோழிக்கு 5 முதல் 10 செ.மீ. போதும், ஏனென்றால் ஆறு ஏழு வாரத்தில் தொகுதி போய்விடும். முட்டைக்கோழிக்குத் தொடக்கத்தில் 15 செ.மீ. போடுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு செ.மீ. அளவுக்குப் புதுக் கூளத்தைத் தூவிக்கொண்டே வந்து, இரண்டு மூன்று மாதத்தில் 20 முதல் 25 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் 25 செ.மீ. கொட்டுவதைவிட இது நல்லது. எச்சமும் கூளமும் அடுக்கடுக்காகக் கலப்பதால், நுண்ணுயிர்கள் எச்சத்தின் நைட்ரஜனைக் கட்டிப்போடத் தேவையான கரிமப் பொருள் பக்கத்திலேயே கிடைத்துக்கொண்டிருக்கும். 30 செ.மீ.க்கு மேல் ஏறினால் வாரியால் அடிவரை கிளற முடியாது. தண்ணீர்த் தொட்டிகளின் உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

முடிந்தால் மழைக்காலம் தொடங்க இரண்டு மாதமாவது இருக்கும்போது புதுக் கூளத்தைத் தொடங்குங்கள். கூளத்தில் நுண்ணுயிர்கள் நிலைகொள்ள அவ்வளவு காலம் ஆகும். நிலைகொண்ட கூளம் கரும்பழுப்பாகப் பொலபொலவென்று இருக்கும். கையில் அள்ளி முகர்ந்தால் மண்வாசனைதான் வரும். முழுப் பக்குவம் அடைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். கொட்டகைக்குள்ளேயே எரு மக்கிவிடட்டும் என்று கூளத்தின் மேல் தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். மக்குவதற்கு 40 முதல் 60 சதவீத ஈரம் வேண்டும். கோழி நிற்பதற்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தரையில் நடக்காது. கொட்டகைக்குள் மெதுவாகச் சிதைவது மட்டும் நடக்கட்டும். மக்க வைப்பதை வெளியே குவியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச் சோதனை

தீவனத் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, சுவரோரம், தண்ணீர் வரிசைக்கு அடியில், தங்குகழிகளுக்குக் கீழே என்று ஐந்தாறு இடத்தில் கை வையுங்கள். மேல் தூசியை ஒதுக்கிவிட்டு நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல் இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து பாருங்கள்.

உருண்டை பிடிக்காமல் உள்ளங்கையில் தூசி ஒட்டினால் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது. அதுவும் நல்லதல்ல. கிளறும்போது எழும் தூசியே கோழிக்கும் உங்களுக்கும் சளியைக் கொண்டுவரும். லேசாக உருண்டை பிடித்து, கை திறந்ததும் இரண்டு மூன்று துண்டாக உதிர்ந்தால் சரியான பதம். உருண்டை கெட்டியாக நின்று, மார்பளவு உயரத்திலிருந்து போட்டாலும் உடையாமல் கிடந்தால் 35-ஐத் தாண்டிவிட்டது. உள்ளங்கை பளபளத்தாலோ விரலிடுக்கில் ஈரம் கசிந்தாலோ அந்த இடத்தில் கிளறுவதற்கு ஒன்றும் இல்லை, அகற்றத்தான் வேண்டும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் பல இடத்தில் எடுத்ததைக் கலந்து, 100 கிராமை நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். குறைந்த கிராம்தான் ஈரத்தின் சதவீதம். நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு நாள் காயவைத்தாலும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் எண்ணோடு ஒப்பிட்டுப் பழகினால் பிறகு கையே போதும்.

ஈரம் கிடக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

வாரியால் கூளத்தை ஒதுக்கிச் சிமெண்ட் தெரியும் வரை ஒரு குழி எடுங்கள். மேலிருந்து அடிவரை ஈரம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். மேலே காய்ந்து அடியில் மட்டும் நொதநொதவென்று இருந்தால் தண்ணீர் தரையிலிருந்து ஏறுகிறது. தரை வெளிமண் மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது உயர்ந்திருக்கிறதா, சிமெண்டில் விரிசல் உண்டா, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கிளறிச் சரிசெய்ய முடியாது.

மேலே இரண்டு மூன்று விரல் அளவுக்குப் பொருக்குத் தட்டி, அடியில் பொலபொலவென்று இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது கோழி நெருக்கமாக இருக்கிறது. கம்பிவலையோரம் மட்டும் என்றால் சாரல். கூரைத் தகரத்தின் மடிப்புக்கு நேர் கீழே கோடு போட்டது போல் நனைந்திருந்தால் இரவுப்பனி. கொட்டகை முழுக்க ஒரே சீராக ஈரம் ஏறி, எச்சமும் தண்ணீராக இருந்தால் தீவனத்தையும் கோழியையும் சந்தேகப்படுங்கள். தீவனத்தில் உப்பு கூடினால் கோழி கூடுதலாகக் குடித்துக் கூடுதலாகக் கழியும். குடல்நோயும் அப்படியே காட்டும். புரதம் தேவைக்கு மேல் போனால் அந்த மிச்சம் யூரிக் அமிலமாக எச்சத்தில் வரும். அது தண்ணீரையும் அம்மோனியாவையும் சேர்த்தே கூட்டும்.

இத்தனையிலும் அடிக்கடி பார்ப்பது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய வட்டம்தான்.

ஒரு நிப்பிள் ஒழுகினால் என்ன ஆகும்

தண்ணீர்க் குழாயில் கோழி கொத்திக் குடிக்கும் சிறு முனைதான் நிப்பிள். நமது கொட்டகையில் ஒரே ஒரு நிப்பிள் நொடிக்கு இரண்டு சொட்டு ஒழுகுகிறது என்று வையுங்கள். பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது. 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மி.லி. ஆகவே நிமிடத்துக்கு 6 மி.லி., ஒரு நாளில் 8.6 லிட்டர். 500 கோழியும் சேர்ந்து எச்சத்தில் விடும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு நிப்பிளே கொட்டுகிறது.

அதுவும் 100 சதுர மீட்டரிலும் பரவாமல் ஒரே சதுர மீட்டரில் கொட்டுகிறது. அந்த ஒரு சதுர மீட்டரில் இருக்கும் உமி 16 கிலோ. அதில் உலர்பொருள் 14.4, தண்ணீர் 1.6. மறுநாள் காலையில் தண்ணீர் 10.2 லிட்டர், ஈரம் 41 சதவீதம். அதற்கடுத்த நாள் 57. கொட்டகையின் மற்ற 99 சதுர மீட்டரும் பதமாக இருந்தாலும், இந்த ஒரு மூலையிலிருந்து அம்மோனியா கிளம்பும், இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் பக்குவப்படும், கோழிகள் அதை மிதித்து மற்ற இடமெல்லாம் பரப்பும்.

இதற்குச் செய்ய வேண்டியது நேரத்தைப் பொறுத்தது. அன்றே கண்டுபிடித்துவிட்டால், கூளம் நனைந்திருந்தாலும் இன்னும் உதிரியாக இருக்கும். நிப்பிளைச் சரிசெய்து, நனைந்ததை வாரியால் நாலாபக்கமும் மெல்லியதாக இறைத்துவிட்டுப் பக்கத்துக் காய்ந்த கூளத்தை இழுத்து நிரப்பினால் போதும். 8.6 லிட்டரை 1,600 கிலோவில் பரப்பினால் மொத்த ஈரம் அரை சதவீதம்தான் கூடும். பொருக்குத் தட்டிவிட்டால் இந்த வழி இல்லை. கட்டியை உடைத்துக் கலந்தால் சின்னச் சின்ன ஈரக்கட்டிகள் கொட்டகை முழுக்கப் போய்ச்சேரும். சிமெண்ட் வரை வெட்டி எடுத்து வெளியே கொண்டுபோங்கள். தரையை ஒரு மணி நேரம் காயவிட்டு, 15 கிலோ அளவுக்குப் புது உமியும் அதோடு இரண்டு மூன்று கூடை பக்குவமான பழைய கூளமும் கலந்து நிரப்புங்கள். பழைய கூளத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய இடத்தையும் பழக்கிவிடும்.

வராமல் தடுப்பது உயரத்தைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. மணித்தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு மேல் நிற்கக்கூடாது. நிப்பிள் என்றால் வளர்ந்த கோழி கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கி நேர்கீழிலிருந்து குடிக்க வேண்டும். பக்கவாட்டில் கொத்தினால் பாதி தரைக்குத்தான் போகும். கூளம் ஏற ஏறத் தொட்டியையும் ஏற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் தரை பத்து செ.மீ. உயர்ந்திருக்கும், கோழி குனிந்து குடித்துக்கொண்டிருக்கும்.

கிளறுதல்

கிளறுவதால் எச்சம் ஓரிடத்தில் படியாமல் கூளத்தோடு கலக்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் காற்றுபடும் மேற்பரப்புக்கு வருகிறது. கோழி தானாகவே சீய்த்துக் கிளறும். கோழிக்கு ஐந்து கிராம் கணக்கில் முழுத்தானியத்தை மாலையில் கூளத்தின் மேல் தூவினால் இன்னும் மும்முரமாகச் சீய்க்கும். அந்த அளவைத் தீவனத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஈரமான இடத்தில் தூவாதீர்கள், பூஞ்சணம் பிடித்த தானியத்தைத் தின்னும்.

ஆனால் கோழியின் கால் மேலே மூன்று நான்கு விரல் ஆழத்துக்குத்தான் போகும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான பருவத்தில் இரண்டுமுறை, இரும்பு வாரியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிவிட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல், பனி விலகி, வெளிக்காற்று காய்ந்த பிறகு தொடங்குங்கள். முதலில் படுதாவை முழுக்க இறக்கி இரண்டு பக்கமும் திறந்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்திலிருந்து தொடங்கினால் தூசியும் நாற்றமும் உங்களை விட்டு விலகிப்போகும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கொட்டகையைக் கற்பனையில் நான்காகப் பிரித்து, கோழிகளை மெதுவாக ஒதுக்கிக்கொண்டே ஒவ்வொரு பங்காக முடிப்பது கோழிக்கும் மிரட்சியில்லாத வழி. போகிற வழியில் பொருக்கு கண்ணில் பட்டால் அதைக் கூடையில் போட்டு வெளியே எடுங்கள், வாரியால் உடைத்துப் புதைக்காதீர்கள். மதியம் தாண்டும் முன் வேலை முடிந்துவிட்டால் மேலே வந்த ஈரம் வெயில் தாழ்வதற்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் கிளறி இரவில் படுதாவை ஏற்றினால், கிளப்பிவிட்ட அம்மோனியாவை அப்படியே கோழியின் மேல் மூடி வைத்ததாகும்.

கறிக்கோழியில் நான்கு வாரத்துக்கு மேல் ஆழக் கிளறுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதுவரை அடியில் சேர்ந்திருந்த அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பும். கோழியோ நெருக்கமாகவும் கனமாகவும் இருக்கும், விலகிப்போக இடமிருக்காது. பொருக்கை அள்ளிவிட்டு மேலே காய்ந்த கூளம் தூவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடருக்குள் இருக்கும் இளங்குஞ்சுகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது, எப்படி அறிவது

எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். கூளத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து யூரியாவாக்கி, அதையும் உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. ஈரம், வெப்பம், காரத்தன்மை மூன்றும் கூடினால் இந்த வேலை வேகமெடுக்கும். கூளத்தின் பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் அம்மோனியா உப்பாகக் கட்டுப்பட்டுக் கூளத்திலேயே கிடக்கும். 8-ஐத் தாண்டினால் வாயுவாகக் கிளம்பும்.

காற்றில் 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 25 பங்கு அம்மோனியா என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயில் தூசியை வெளித்தள்ளும் நுண்ணிழைகள் செயலிழக்கும், சுவாச நோய்கள் எளிதில் பற்றும். 50-ஐத் தாண்டினால் கண் கலங்கி, கோழி கண்ணை மூடிக்கொண்டே நிற்கும், தீவனம் எடுப்பது குறையும்.

மனித மூக்கு 10 முதல் 20 பிபிஎம் அளவிலேயே பிடித்துவிடும், ஆனால் சில நிமிடத்தில் பழகிவிடும். தினமும் உள்ளே இருப்பவருக்கு 25-கூட உறைக்காது. ஆகவே கதவைத் திறந்து உள்ளே போன முதல் நிமிடத்து மூக்கை மட்டும் நம்புங்கள். அதோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில், தரையிலிருந்து ஒரு அடியில் முகருங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் கோழி சுவாசிக்கும் காற்று உங்களுக்குத் தெரியாது. விடியற்காலை, படுதாவை இறக்கும் முன் பார்ப்பதே சரியான நேரம். அளந்து பார்க்க அம்மோனியாவுக்கான சோதனைக் குழாய்களும் காகிதப் பட்டைகளும் உண்டு. காகிதத்தை வடிநீரில் நனைத்து, கோழியின் உயரத்தில் சொன்ன நேரம் வரை பிடித்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள்.

நாற்றம் ஏறிவிட்ட நாளில் வேலையின் வரிசை

முதலில் காற்று. படுதாவை இறக்குங்கள், விசிறி இருந்தால் ஓடவிடுங்கள். குஞ்சுகள் இருந்தால் புரூடரின் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு திறங்கள், குளிருக்குப் பயந்து மூடி வைப்பதைவிட அது மேல். அரை மணி நேரம் போகட்டும். அடுத்து ஈரம் எங்கே என்று தேடி, ஒழுக்கை நிறுத்துங்கள். பிறகு பொருக்கை அள்ளி வெளியே போடுங்கள். நான்காவதாகக் காய்ந்த கூளத்தை நிரப்புங்கள். லேசான கிளறல் எல்லாம் முடிந்த பிறகுதான். பதற்றத்தில் முதல் வேலையாக வாரியை எடுப்பவர்கள் நாற்றத்தை இரட்டிப்பாக்குகிறார்கள்.

சுண்ணாம்பு பற்றி எங்கள் கருத்து வழக்கமான அறிவுரைக்கு மாறானது. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பைக் கலக்கச் சொல்லும் பழக்கம் பரவலாக உள்ளது. நீர்த்த சுண்ணாம்பு கொஞ்சம் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது பி.எச்.-ஐ ஏற்றிவிடும். அதுவரை உப்பாகக் கட்டுண்டு கிடந்த அம்மோனியா, சுண்ணாம்பு பட்டதும் வாயுவாகக் கிளம்பும். கோழி இருக்கும்போது, நாற்றம் உள்ள கூளத்தில் சுண்ணாம்பு வேண்டாம். தொகுதி போய்க் கொட்டகை காலியான பிறகு, கழுவிய வெறுந்தரையில் பூசிக் காயவிடுவதற்கு அது நல்ல பொருள். சுட்ட சுண்ணாம்பு பாதத்தையும் கண்ணையும் பொசுக்கும், அதைக் கோழிக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக்கூடாது.

அம்மோனியாவைக் கட்டிப்போட வேண்டுமென்றால் அமிலத்தன்மையுள்ள பொருள் வேண்டும். அலுமினியம் சல்பேட் என்னும் ஆலம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. சதுர மீட்டருக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ, நமது கொட்டகைக்கு 25 முதல் 50 கிலோ. பழைய கூளத்தின் மேல், புதுக்குஞ்சு இறக்குவதற்கு முன் சீராகத் தூவி, மேலாக வாரிவிட வேண்டும். பொடி கண்ணையும் மூச்சையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கவசமும் கட்டாயம். சூப்பர் பாஸ்பேட்டும் பயன்படும், 10 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அதன் வேகம் ஆலத்தைவிடக் குறைவு. சுண்ணாம்பையும் ஆலத்தையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். எதைப் போட்டாலும் புது எச்சம் விழ விழ பி.எச். மறுபடி ஏறி, மூன்று நான்கு வாரத்தில் பலன் குறைந்துவிடும். ஒழுகும் நிப்பிளை விட்டுவிட்டு ஆலம் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது போல.

எப்போது மொத்தமாக அகற்றுவது

முட்டைக்கோழித் தொகுதி ஒன்று முடியும் வரை கூளம் அப்படியே இருக்கலாம். இடையில் தொற்றுநோய் வந்திருந்தால், குடற்புழு கட்டுக்கடங்காமல் போயிருந்தால், அல்லது கொட்டகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொருக்காகியிருந்தால் அந்தக் கூளத்தை அடுத்த தொகுதிக்கு வைக்கக்கூடாது. நோயில்லாமல், பொலபொலவென்று இருப்பதை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கோழி போனதும் பொருக்கை அகற்றிவிட்டு, மிச்சத்தைக் கொட்டகை நடுவே நீளமான வரப்பாகக் குவிக்கலாம். குவியலின் நடுவில் சூடு 55 டிகிரியைத் தொட்டுச் சில நாள் நின்றால் பல கிருமிகள் சாகும். வெளிப்புறம் அவ்வளவு சூடாகாது என்பதால் ஒருமுறை புரட்டிக் குவித்து, மறுபடி சூடேறவிட வேண்டும். குவியலைக் கலைக்கும்போது அம்மோனியா பெருமளவு கிளம்பும். பரப்பிய பிறகு குறைந்தது நான்கைந்து நாள் இரண்டு பக்கமும் திறந்து வைத்து, குத்துக்காலிட்டு முகர்ந்து பார்த்து, மூக்கு எரியாத நாளில் மேலே ஐந்து செ.மீ. புதுக் கூளம் போட்டுக் குஞ்சை இறக்குங்கள்.